தீபாவளி வளையல் செட்டில் கண்ணாடி ஒட்டில் உடைகிறது, அரக்கு ஒன்றோடொன்று ஒட்டுகிறது: என்ன தப்பு?

கொலுப்படி9

தீபாவளிக்கு தேக்கா பக்கம் ஒரு செட் எடுத்தேன். ரெண்டு கைக்கும் சேர்த்து 24 கண்ணாடி, ஓரத்துல போட 4 அரக்கு. இப்ப கணக்கு இதுதான்: போடும்போதே 4 கண்ணாடி போச்சு. ராத்திரி கழட்டி பெட்டில வச்சது, காலைல பார்த்தா 2 விரிஞ்சு கிடக்கு, யாரும் தொடல. இன்னொண்ணு மறுநாள் ரயில்ல கம்பியைப் பிடிச்சப்ப போச்சு. ஆக 7.

அரக்குல ரெண்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பிரிச்சேன், கல்லு ரெண்டு கழண்டு வந்துருச்சு. மேல வெள்ளை வெள்ளையா பூத்தும் இருக்கு. அளவு சரியாத்தான் பார்த்து வாங்கினேன். வீட்டுல இருக்கற தங்க வளையலை உள்பக்கமா அளந்தா 2.4 இஞ்ச், கடைல கேட்டு 2.4 வாங்கினேன். மலிவு சரக்குன்னு விட்டுடறதா, இல்ல நான்தான் ஏதோ தப்பு பண்றேனா? பொங்கலுக்கு இன்னொரு செட் எடுக்கணும்.

சின்னத்தம்பி88

ஒட்டுதான் பிரச்சனைன்னா பசை போட்டு ஒட்டிக்கலாமே. வீட்டு சாமான் கடையில சின்ன டியூப்ல விக்கிற உடனடிப் பசை ஒரு சொட்டு போதும். எது நல்லா பிடிக்கும்னு யாராவது சொல்லுங்க, என் பொண்ணோடதும் ரெண்டு கிடக்கு.

வளவிக்காரர்

தம்பி, அவங்க சொல்ற ஒட்டு வேற. அது பசை ஒட்டு இல்லை, வளையல் செய்யும்போதே தீயில் வைத்துச் சேர்த்த இடம். பசை போட்ட வளையலைக் கையில் போடவே கூடாது. வெட்டு முனை தோலைப் பார்த்து நிற்கும், பசை விட்டால் நேராக மணிக்கட்டில் இறங்கும்.

கொலுப்படி, உடைந்த துண்டுகளை எறிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் ஒவ்வொன்றையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முழு வளையலில் ஓர் இடத்தில் கண்ணாடி கொஞ்சம் தடித்தோ, நெளிந்தோ, நகத்தால் தடவினால் சின்னப் படி போலவோ இருக்கும். அதுதான் ஒட்டு. உடைப்பு அந்த இடத்திலா, வேறு இடத்திலா என்று ஏழையும் பிரித்து எழுதுங்கள். அதோடு கையையும் அளந்து சொல்லுங்கள். கட்டைவிரலைச் சுண்டுவிரல் பக்கம் மடக்கி, உள்ளங்கை குறுகின நிலையில், விரல் முட்டிகளைச் சுற்றி அகலமான இடத்தில் நூல் சுற்றிப் பாருங்கள். எத்தனை சென்டிமீட்டர் வருகிறது?

பொறியாளர்_தாத்தா

இதற்கு அவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். ராத்திரி அறையில் ஏர்கான் 23, காலையில் ஜன்னலைத் திறந்தால் வெளியே 31. கண்ணாடி சுருங்கி விரியும், அதனால்தான் பெட்டிக்குள் தானாகத் தெறிக்கிறது. கொதிக்கும் டீயை ஊற்றியதும் டம்ளர் வெடிப்பது இதே கதைதான். ஏர்கான் இல்லாத இடத்தில் வையுங்கள், தீர்ந்தது.

கொலுப்படி9

துண்டெல்லாம் பழைய டப்பால இருக்கு. பார்த்துட்டேன்.

போடும்போது போன 4ல, 3 ஒட்டுலயே. ஒண்ணு ஒட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம். பெட்டில போன ரெண்டும் ஒட்டுல. ரயில்ல போனது ஒட்டுல இல்ல, வேற எங்கயோ, அதுவும் ரெண்டு துண்டா இல்லாம மூணு துண்டா.

நூல் சுத்துனா 19 செ.மீ.

வளவிக்காரர்

அப்படியானால் பாதிக்கு மேல் விடை கிடைத்துவிட்டது. முதலில் அளவைப் பார்ப்போம், அங்கேதான் கோணல்.

கடையில் 2.4 என்று எழுதுவது தசமப் புள்ளி இல்லை. 2-4 என்று கோடு போட்டு எழுத வேண்டியதைப் புள்ளி வைத்து எழுதிவிடுகிறார்கள். இரண்டு அங்குலமும் அதற்கு மேல் பதினாறில் நான்கு பங்கும் என்று பொருள், அதாவது இரண்டேகால் அங்குலம். உள் விட்டம் 5.7 செ.மீ. நீங்கள் தங்க வளையலை அளந்து பார்த்த 2.4 அங்குலம் 6.1 செ.மீ. அதற்குப் பக்கத்து அளவு 2-6, அது 6.0 செ.மீ. ஆக, ஓர் அளவு சின்னதாக வாங்கிவிட்டீர்கள். 2-4 வாங்கிப் போனவர்கள் எல்லாரும் கடைக்காரரைத் திட்டுவது இந்தப் புள்ளியால்தான்.

கை சுற்றளவை வைத்துக் கணக்குப் பண்ணுவது இன்னும் எளிது. 17 செ.மீ என்றால் 2-2. 18 என்றால் 2-4. 19 என்றால் 2-6. 20 என்றால் 2-8. 21 என்றால் 2-10. ஒரு சென்டிமீட்டருக்கு ஓர் அளவு ஏறுகிறது, அவ்வளவுதான். உங்கள் 19க்கு 2-6. 2-4 உங்கள் கைக்கு ஏறியதே பெரிய காரியம். மீதி 20 உடையாமல் ஏறியதற்குக் கண்ணாடியைத்தான் பாராட்ட வேண்டும்.

இனி ஒட்டு. கண்ணாடி வளையல் பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்து ஃபிரோசாபாத்திலிருந்து வருகிறது. உலையிலிருந்து உருகின கண்ணாடியைச் சுழலும் உருளையில், நூல்கண்டில் நூல் சுற்றுகிற மாதிரி, சுருளாக இழுத்துச் சுற்றுவார்கள். சுருளை எடுத்து நீளவாக்கில் ஒரு கீறல் போட்டால் வாய் திறந்த வளையங்களாகப் பிரியும். சுருள் என்பதால் வாயின் இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் நிற்காது, ஒன்று மேலே ஒன்று கீழே. முனைகளை நேராக்குவது ஒரு வீட்டில், தீநாக்கில் காட்டி ஒட்டுவது இன்னொரு வீட்டில். ஒட்டும்போது அந்தச் சின்ன இடம் மட்டும் சிவக்கச் சூடாகி, மற்றது ஆறியபடியே இருக்கிறது. தீயை விட்டு எடுத்ததும் அந்த இடம் அவசரமாக ஆறும். அப்படி ஆறினால் உள்ளே ஓர் இழுவிசை உறைந்து நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நன்றாக ஒட்டின வளையலுக்கு அது பொறுக்கும். முனை கோணலாக ஒட்டியிருந்தால், குமிழ் மாட்டியிருந்தால் அதுவே பூட்டைத் திறந்து வைத்த கதவு.

உங்கள் பெட்டிக்குள் விரிந்த இரண்டும் அந்த வகைதான். தாத்தா சொல்வதில் ஒரு பாதி உண்மை: உள்ளே இருக்கிற இழுவிசை சூடும் குளிரும் கொண்டு வந்ததே. ஆனால் அது ஒட்டின தீயில் வந்தது, ஏர்கானில் இல்லை. 23லிருந்து 31 என்பது எட்டு டிகிரி. இவ்வளவு மெல்லிய கம்பி மாதிரி இருக்கிற கண்ணாடி அதற்கெல்லாம் தெறிக்காது. டீ டம்ளரில் ஐம்பது, அறுபது டிகிரி ஒரே நொடியில் பாய்கிறது, அதுவும் கனமான அடிப்பகுதியில்.

பொறியாளர்_தாத்தா

எட்டு டிகிரிக்குத் தெறிக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ராத்திரிதான் உடைந்தது, பகலில் இல்லை. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வளவிக்காரர்

நல்ல கேள்வி. கண்ணாடியில் விரிசல் எப்போதும் ஒரே அடியில் ஓடுவதில்லை. மயிரிழை போல ஒரு கீறல் இருந்து, அதை உள்விசை இழுத்துக்கொண்டிருந்தால், காற்றின் ஈரம் கீறலின் நுனியில் புகுந்து கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். சில மணி நேரமோ சில நாளோ கழித்து திடீரென்று பிரியும். இறுக்கிப் போட்டுக் கழற்றினபோதே அந்த இரண்டிலும் கீறல் ஆரம்பித்திருக்க வேண்டும். சிங்கப்பூர் ஈரத்துக்கு இது சுலபமான வேலை. பகலிலேயே உடைந்திருந்தாலும் ஆச்சரியமில்லை, நாள் முழுக்க உங்கள் கையில் இருந்தது, நல்ல வேளையாக அப்போது உடையவில்லை.

தேக்கா_அத்தை

எங்க பக்கம் புது வளையல் வந்ததும் உப்புத் தண்ணில போட்டு ஒரு கொதி விட்டு, அதே தண்ணில ஆற விடுவோம். அப்புறம் ஒண்ணு கூட உடையாது. இதை யாருமே இங்க சொல்லலையே.

வளவிக்காரர்

அத்தை, நீங்கள் சொன்ன பலன் நிஜம், காரணம்தான் வேற. கண்ணாடியின் உள்விசை தளர வேண்டுமென்றால் 500 டிகிரிக்கு மேல் போய் மெதுவாக ஆற வேண்டும். கொதிக்கிற தண்ணீர் நூறுதான். அதில் எதுவும் இளகாது, உப்பும் ஒன்றும் செய்யாது. ஆனால் கொதியில் போட்டதும் பலவீனமான ஒட்டுகள் அங்கேயே பிரிந்துவிடும். மிஞ்சினவை நல்லவை, அதனால் "அப்புறம் உடையல". நீங்கள் வளையலை உறுதியாக்கவில்லை, கெட்டதைப் பொறுக்கி எடுக்கிறீர்கள்.

ஒரு கெடுதலும் உண்டு. மேலே தங்க நிறப் பூச்சு, மினுக்கு, ஒட்டுக்கல் இருந்தால் கொதியில் உரிந்து போகும். வெறும் வண்ணக் கண்ணாடிக்கு மட்டும் செய்யுங்கள்.

தேக்கா_அத்தை

கெட்டதைப் பொறுக்கறதும் ஒரு வேலைதானே தம்பி. கைல போட்டு ரத்தம் வர்றதுக்குப் பதிலா பாத்திரத்துல போகட்டும். நான் விடமாட்டேன்.

வளவிக்காரர்

அதில் எனக்கும் தகராறு இல்லை அத்தை.

கடையிலேயே பொறுக்க வேண்டுமென்றால், டஜன் கட்டின நூலை அவிழ்க்கச் சொல்லி மூன்று காரியம் செய்தால் போதும். முதலில் வளையலைக் கண்ணாடி மேசையில் படுக்க வைத்து விரலால் லேசாகத் தட்டுங்கள். தத்தளித்தால் முனை கோணலாக ஒட்டியிருக்கிறது. அடுத்து, ஒட்டு இடத்தை நகத்தால் ஒரு தடவு. படி தட்டினால் ஒதுக்கிவிடுங்கள். கடைசியாக, ஒரு விரலில் தொங்கவிட்டு இன்னொரு வளையலால் மெல்லத் தட்டினால் நீளமாக ரீங்கரிக்க வேண்டும். "டக்" என்று செத்த ஒலி வந்தால் உள்ளே விரிசல். பண்டிகை நெரிசலில் கேம்பல் லேன் கடைக்காரர் உங்களை இவ்வளவு நேரம் நிற்க விடமாட்டார் என்பது தெரியும். அதனால் பண்டிகைக்கு மூன்று வாரம் முன்னாலேயே, வாரநாள் காலையில் போங்கள்.

கொலுப்படி9

2-6 புரிஞ்சுது. தலைல அடிச்சுக்கிட்டேன்.

போடற விதத்துலயும் ஏதாவது இருக்கா? நான் சோப்பு தடவி, ஒரே தள்ளு. 3 ஒட்டுல போச்சுன்னா ஒட்டை எந்தப் பக்கம் வச்சுப் போடணும்?

வளவிக்காரர்

இதை யாரும் கேட்பதில்லை, கேட்டதற்கு நன்றி.

கையைக் கடியாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். புறங்கை நடு 12, உள்ளங்கை நடு 6, கட்டைவிரல் பக்கம் 3, சுண்டுவிரல் பக்கம் 9. கையின் அகலம் வளையலை 3லும் 9லும் வெளியே தள்ளுகிறது. வட்டம் நீள்வட்டமாகப் பார்க்கிறது. அந்த இரண்டு இடத்திலும் வளையலின் வெளி முகம் இழுபடும். 12லும் 6லும் உள் முகம் இழுபடும். கண்ணாடி அழுத்தினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. ஆகவே இந்த நான்கு இடத்தில் எதிலும் ஒட்டு வரக் கூடாது. நடுவில் ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மணி இருக்கிற இடத்தில் இழுப்பும் இல்லை அழுத்தமும் இல்லை. அங்கே ஒட்டை வையுங்கள். ஆள்காட்டி விரல் முட்டிக்கும் கட்டைவிரல் அடிக்கும் இடையே, புறங்கைப் பக்கமாக. வெகு நுட்பமாக வேண்டாம், அந்தப் பக்கம் இருந்தாலே போதும்.

உங்களுக்கு ஒட்டுக்கு நேர் எதிரே போனதும் இதில் அடங்கும். 3ல் ஒட்டு இருந்தால் அதன் எதிர் 9, அங்கேயும் அதே இழுப்பு. ஒட்டு தாங்கிவிட்டது, எதிரே கீறல் இருந்த இடம் விட்டுவிட்டது.

போடும் முறை: சோப்பு நுரையைவிட மெல்லிய பிளாஸ்டிக் பை நல்லது. கை நுழைகிற பையைக் கையில் மாட்டி, அதன் மேல் வளையலை ஏற்றி, ஏறினதும் பையை உருவிவிடுங்கள். வழுக்கல் அதிகம், ஈரமும் இல்லை. பை இல்லையென்றால் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய். கட்டைவிரலை மடக்கி உள்ளங்கையில் சாய்த்து, வளையலை நேராக இல்லாமல் சாய்வாக வைத்து, முதலில் கட்டைவிரல் அடிமுட்டைக் கடத்துங்கள். பிறகு சுண்டுவிரல் பக்கம் அசைத்து அசைத்து இறக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தள்ளினால் கை முழு அகலத்தையும் ஒரே மூச்சில் வளையல் தாங்க வேண்டியதாகிவிடும்.

கையும் வீங்கும். சமைத்து முடித்த கையோ, வெயிலில் நடந்து வந்த கையோ காலையில் இருந்ததைவிடத் தடிமனாக இருக்கும். இரண்டு நிமிடம் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு போடுங்கள். ஒன்றொன்றாக. நாலைச் சேர்த்துத் தள்ளுவது உடைக்க ஒரு வழி.

கடைசியாக அந்த ரயில் வளையல். பக்கத்தில் என்ன போட்டிருந்தீர்கள்? ஏடி கல் வைத்த உலோக வளையல் ஏதாவது?

கொலுப்படி9

ஆமா, ஒரு ஏடி கல் கடா வளையல். கண்ணாடிக்கு நடுவுல.

வளவிக்காரர்

அதுதான். ஏடி கல் கண்ணாடியைவிடக் கெட்டி, உரசினால் கீறும். தங்கம் கண்ணாடியைக் கீறாது. அது மெத்தென்ற உலோகம், இடிக்கும், அவ்வளவுதான். கீறல் விழுந்த வளையல் அன்று தாங்கும். ஒரு நாள் கழித்து கம்பியில் ஓர் இடி பட்டால் கீறல் இருக்கிற இடத்தில் ஆரம்பித்து இரண்டு மூன்று துண்டாகும். உங்கள் மூன்று துண்டு அதைத்தான் சொல்கிறது. கல்வளையலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே பட்டு நூல் சுற்றின வளையல் ஒன்றைப் போடுங்கள். நூல் குஷன் மாதிரி.

சிராங்கூன்_நடை

ஒரு சின்ன மாற்றுக் கருத்து. கண்ணாடி வரிசைக்கு இரண்டு ஓரமும் கனமான உலோக வளையல் போடுவதே தவறு என்று நான் நினைக்கிறேன். கனமான வளையல் மணிக்கட்டை நோக்கி வந்து நடுவில் இருக்கிறதை நசுக்குகிறது. ஓரத்தில் கண்ணாடியே இருந்தால் என்ன?

வளவிக்காரர்

எனக்கு ஓரத்தில் கனம் இருந்தால் நல்லது என்றுதான் படுகிறது. மேசையிலும் குழாயிலும் முதலில் இடிபடுவது ஓரம்தான், அதைக் கனமானது வாங்கிக்கொள்ளும். ஆனால் நீங்கள் சொல்வது ஆட்டம் அதிகமான, தளர்ந்த வரிசையில் நடக்கக் கூடும். பன்னிரண்டு வளையலுக்கு நாலு, ஐந்து செ.மீ நீளம் வேண்டும். முன்கையில் அவ்வளவு இடத்தில் ஒன்றோடொன்று சாய்ந்து நின்றால் நடுவில் அடி விழாது. மூன்று நாலு மட்டும் போட்டால் ஓரத்தில் எதை வைத்தாலும் தட்டிக்கொண்டே இருக்கும்.

சிராங்கூன்_நடை

நான் போடுவது மூன்று, நாலுதான். அப்ப என் கட்சி எனக்கு.

ஷிப்ட்_நர்ஸ்

அரக்கு பத்தி யாரும் சொல்லல. என்னோடதும் வெள்ளை பூத்துருச்சு. வேலைக்கு வளையல் போடவே விடமாட்டாங்க. கோயிலுக்கு மட்டும் போட்டது. ஒரு பக்கம் பளபளப்பே போய் சொரசொரன்னு ஆயிருச்சு. மழைத்தண்ணி படவே இல்ல, தண்ணி தொடவே இல்ல.

ஹைதராபாத்_மருமகள்

தண்ணி படலை சரி, கை சுத்திகரிப்பான் போட்டீங்களா? பர்ஸ்ல வச்சிருக்கறது?

ஷிப்ட்_நர்ஸ்

அது எப்பவும் போடுவேன். பழக்கம், கோயில் வாசல்லயும் போட்டேன். மணிக்கட்டு வரைக்கும் தேய்ப்பேன்.

ஹைதராபாத்_மருமகள்

அதேதான். அரக்குங்கறது பூச்சி சுரக்கற பிசின். அதுக்குத் தண்ணியைவிட சாராயம்தான் பெரிய எதிரி. மரச் சாமானுக்குப் பூசறவங்க அரக்கை எதுல கரைக்கறாங்க? சாராயத்துலதான். கை சுத்திகரிப்பான்ல பாதிக்கு மேல சாராயம். ஒரு சொட்டு பட்டாலே மேல் பூச்சு கரைஞ்சு, காயும்போது மங்கலா உறைஞ்சு போகும். வாசனைத் திரவியமும் அதே கதை. தெளிச்சு காய்ஞ்சு அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் அரக்கைக் கையில ஏத்தணும்.

சோப்பு தேய்ச்சுக் கழுவறதும் ஆகாது. சோடா, அம்மோனியா கலந்த துடைப்புத் தண்ணியில அரக்கு மெதுவா இளகும். பாத்திரம் கழுவற கையில இருக்கவே கூடாது. ஈரம் மட்டும் பட்டா வெள்ளை பூக்கும், பெரும்பாலும் அது ஈரம் மேல்தோல்ல ஏறினது. அப்படியே வெளிக்காத்துல, நிழல்ல ஒரு நாள் விட்டா கொஞ்சம் மறையலாம். சாராயம் பட்டது மறையாது.

கொலுப்படி, உங்களுது ஒட்டிக்கிட்டது வேற காரணம். எங்க வச்சிருந்தீங்க?

கொலுப்படி9

வீவக வீட்டுல இடம் எங்க இருக்கு? ஃப்ரிட்ஜ் மேல ஒரு டப்பா. நாலும் ஒண்ணு மேல ஒண்ணு, பிளாஸ்டிக் பையில கட்டி, மேல கண்ணாடி வளையல் பெட்டி.

ஹைதராபாத்_மருமகள்

ஃப்ரிட்ஜ் மேலயும் பின்னாலயும் சூடு வரும். அரக்கு முழுசா உருகறதுக்கு எழுபது எண்பது டிகிரி வேணும், ஆனா அதுக்கு ரொம்ப முன்னாலயே மேல்தோல் பசபசன்னு ஆகும். அதோட மேல பாரம். ரெண்டு பசபச முகம் அழுத்தத்துல ஒரு மாசம் இருந்தா ஒண்ணாகிரும். வெயில்ல நிறுத்தின கார்ல வச்சா ஒரு மதியமே போதும், வட்டம் முட்டை வடிவமாகிரும். பிளாஸ்டிக் பை காத்தை அடைச்சு ஈரத்தையும் உள்ள வச்சுக்கும்.

ஒவ்வொண்ணையும் மெல்லிய பருத்தித் துணியில தனித்தனியா சுத்துங்க, இல்லாட்டி பட்டர் பேப்பர். பக்கவாட்டுல நிக்க வைங்க, படுக்க அடுக்காதீங்க. படுக்கையறை அலமாரி நடுத் தட்டு நல்ல இடம். சமையலறை வேண்டாம், வாட்டர் ஹீட்டர் பக்கம் வேண்டாம், மேற்கு வெயில் படற ஜன்னல் வேண்டாம். ஈரம் உறிஞ்சற சின்னப் பொட்டலம் ஒண்ணு ரெண்டு டப்பால போடுங்க, வளையலைத் தொடாம.

ஏர்கான் விஷயத்துல தாத்தா கண்ணாடிக்குச் சொன்னது அரக்குக்குத்தான் கொஞ்சம் பொருந்தும். அரக்கு, உள்ள போட்ட உலோக வளையம், மேல பதிச்ச கண்ணாடிக் கல், மூணும் ஒரே மாதிரி விரியாது. சூடு குளிரு மாறி மாறி வந்தா கல் இருக்கற குழி தளரும். குளிர்ல அரக்கு உடைய வாகா கெட்டியாவும் ஆகும். ஏர்கான் அறையில தரையில போட்டா விரிசல் விடும், வெளியில போட்டா பல தடவை தப்பிக்கும்.

பொறியாளர்_தாத்தா

நான் சொன்னதற்கு ஒரு இடம் கிடைத்ததில் மகிழ்ச்சி.

அரக்கு வளையல் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் முடி உலர்த்தியால் சூடு காட்டிப் பெரிசாக்கலாமா? இளகும் பொருள்தானே.

ஹைதராபாத்_மருமகள்

ஹைதராபாத் சார்மினார் பக்கம் லாட் பஜார்ல செய்யறவங்களும், ஜெய்ப்பூர்ல செய்யறவங்களும் வாங்கினவுடனே கரி அனல்ல காட்டி, மரக் கட்டையில ஏத்தி, அளவு மாத்திக் குடுப்பாங்க. அவங்க சூட்டை எங்க காட்டறது, எவ்வளவு நேரம்ங்கறது கையில இருக்கும். முடி உலர்த்தி ஒரு பக்கம் மட்டும் அடிக்கும். கல் இருக்கற முகம் முதல்ல இளகி கல் வழுக்கிரும். உள்ள உலோக வளையம் இருக்கற வகைன்னா அளவே மாறாது, அரக்கு மட்டும் விரிசல் விடும். பெரும்பாலான கடைச் சரக்குல இப்ப உலோக வளையம் இருக்கு. உள்பக்கம் மெல்லிய தகடு தெரிஞ்சா முயற்சி பண்ணாதீங்க.

பொறியாளர்_தாத்தா

தகடு இல்லாததில்?

ஹைதராபாத்_மருமகள்

உங்க வளையல், உங்க தைரியம் தாத்தா. நான் பண்ண மாட்டேன். ஒரு அளவு பெரிசா வாங்கறது சுலபம். அரக்கு தடிமனா, விட்டுக்கொடுக்காம இருக்கறதால 19 சுத்தளவு கைக்கு 2-8 எடுங்க. கண்ணாடியோட நிக்கும்போது அரக்கு கொஞ்சம் வெளியே தள்ளி நிக்கும், அழகு கெடாது.

கொலுப்படி9

பிரிச்ச அரக்குல கழண்ட கல்லை எப்படி?

ஹைதராபாத்_மருமகள்

கல்லை எடுத்து வைங்க. துணிக் கடையில கிடைக்கற கல்லொட்டும் பசை ஒரு புள்ளி, பல்குத்தியில தொட்டு குழிக்குள்ள. நெயில் பாலிஷ் நீக்கியால துடைக்கக் கூடாது, மேல் அரக்கைச் சாப்பிட்டுரும். ஒரு நாள் விடணும். ஆனா ரெண்டு முகம் ஒட்டிக்கிட்டப்ப மேல்தோல் உரிஞ்ச இடத்தை வீட்டுல திரும்பப் பளபளப்பாக்க வழி கிடையாது.

சின்னத்தம்பி88

அப்ப நான் சொன்ன பசை இங்க உதவும்.

ஹைதராபாத்_மருமகள்

உடனடிப் பசை வேண்டாம் தம்பி, கல்லைச் சுத்தி வெள்ளைப் புகை மாதிரி படியும். பொறுமையா காயற பசைதான்.

வளவிக்காரர்

கண்ணாடியை வைக்கிற முறையையும் சேர்த்துவிடுகிறேன், அந்தப் பெட்டி மேல் பெட்டி வேண்டாம். சமையல் காகிதச் சுருள் தீர்ந்ததும் வருகிற அட்டைக் குழாய் சுமார் நாலு செ.மீ அகலம். அதைச் சுற்றிப் பழைய பருத்திப் புடவைத் துண்டு சுற்றி ஐந்தரை செ.மீ வரை கனமாக்குங்கள். 2-6 வளையல் அதில் தளர்வாக நிற்கும், ஆடாது, இறுகாது. ஒரே அளவு வளையலை மட்டும் ஒரு குழாயில் போடுங்கள். இரண்டு முனையிலும் துணியைக் கொஞ்சம் மடித்து அடைத்துவிட்டால் நழுவாது. குழாயைப் படுக்க வையுங்கள். செங்குத்தாக நிறுத்தினால் அடியில் இருக்கிறதன் மேல் எல்லா எடையும் இறங்கும். கழற்றின உடனே வியர்வையோடு போடாதீர்கள், உலர்ந்த துணியால் துடைத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டுப் பிறகு.

ஊரிலிருந்து கொண்டுவருகிறவர்களும் இதே குழாயை ஒரு துண்டில் உருட்டி, கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். சரக்குப் பெட்டியில் போட்டால் மேலே எத்தனை கிலோ ஏறும் என்று யாருக்கும் தெரியாது.

தேக்கா_அத்தை

பண்டிகை நாள்ல வளையல் உடைஞ்சா கெட்டதுன்னு சொல்றாங்களே, அதைப் பத்தி யாரும் ஒண்ணும் எழுதல.

சிராங்கூன்_நடை

ஒட்டு கோணல் அத்தை.

தேக்கா_அத்தை

அதுவும் சரிதான். ஆனா புதுசு போடும்போது ஒரு கொதி விட்டுப் போடுங்க.

கொலுப்படி9

நேத்து போய் 2-6ல ரெண்டு டஜன் எடுத்தேன். ஒவ்வொண்ணா மேசைல தட்டிப் பார்த்தேன். கடைக்காரர் முறைச்சார், ஆனா விட்டார். 5 ஒதுக்கினேன், மாத்திக் குடுத்தார். கொதிக்க வைக்கல, மேல தங்கப் பூச்சு இருக்கு. கேட்கணும்னு நினைச்சது, ஒட்டை ஒன்றரை மணில வச்சுப் போட்டா, கழட்டும்போதும் அதே இடம்தானா? கைல இருக்கும்போது வளையல் சுத்திருதே.

வளவிக்காரர்

சுற்றும், தடுக்க முடியாது. கழற்றும்போது ஒட்டைத் தேடித் திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவந்து இறக்குங்கள். தேட எளிதாக வேண்டுமென்றால் ஒட்டுக்கு உள்பக்கம் மைப்பேனாவால் சின்னப் புள்ளி வைத்துக்கொள்ளலாம். துடைத்தால் போய்விடும் வகைப் பேனாவாக இருக்கட்டும்.